பேச்சுப் போட்டிக்குப் புள்ளி போடுவது: புதிய நடுவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கப் பாடசாலைகளில் தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போது, முதன்முறை நடுவராக அமரும் ஆசிரியர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே கொடுத்திருக்கிறோம்.

புள்ளித் தாள் இடத்துக்கு இடம் மாறும். விளக்கத்துக்காக இங்கே உள்ளடக்கம் 40, வெளிப்பாடு 30, மொழி 30 என்று மூன்று நிரல் உள்ள தாளையும், 5 நிமிடப் பேச்சையும் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் கைக்கு வரும் தாளில் வேறு எண்கள் இருந்தால் அந்தத் தாள்தான் சட்டம்.

மூணு நிரல் எதுக்கு? மொத்தமா நூத்துக்கு ஒரு புள்ளி போட்டா என்ன?

மொத்தமாகப் போட்டால் குரல் வளம்தான் ஜெயிக்கும். கணீரென்ற குரலில் ஒரு பிள்ளை பேசியதும், கருத்தும் நல்ல கருத்து, மொழியும் நல்ல மொழி என்று காதுக்குத் தோன்றிவிடும். மெல்லிய குரலில் அருமையான கருத்தைச் சொன்ன பிள்ளை பின்னால் போய்விடும். நிரல்கள் பிரிந்திருப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் 30, 22, 23 என்று மூன்றையும் ஒரே மட்டத்தில் எல்லாருக்கும் நிரப்பிக்கொண்டு போனால், தாள் மட்டும்தான் பிரிந்திருக்கிறது, நீங்கள் பிரிக்கவில்லை. இருபது பிள்ளைகள் பேசிய பிறகும் ஒரு பிள்ளைக்காவது ஒரு நிரல் உயர்ந்து இன்னொன்று தாழ்ந்து நிற்கவில்லை என்றால், தாளைத் திரும்பப் பாருங்கள்.

எது எந்த நிரலுக்குப் போகும் என்பதில் குழப்பம் வந்தால் இப்படி யோசியுங்கள். அந்தப் பேச்சை அப்படியே எழுதி உங்கள் கையில் தந்தாலும் அந்தக் குறை இருக்குமா? இருக்கும் என்றால் அது உள்ளடக்கம் அல்லது மொழி. தாளில் காணாமல் போகும் என்றால் வெளிப்பாடு. உச்சரிப்பு ஒன்றுதான் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ஒரு குறைக்கு ஒரு நிரலில் மட்டும் குறையுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

பேசும்போதே புள்ளி போடணுமா, முடிஞ்சதும் போடணுமா?

பேசும்போது குறிப்பு, முடிந்ததும் புள்ளி. தாளைத் தவிர ஒரு வெற்றுக் காகிதத்தை மூன்றாகக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, காதில் விழுவதை அந்தந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று சொல்லில் குறியுங்கள். ‘2ம் நிமிடம், உதாரணம் நல்லது’, ‘வாழ்க்கை... மாறின’, ‘கடைசி வரை ஒரே சுருதி’ என்கிற அளவு போதும். ‘நன்று’, ‘பரவாயில்லை’ என்று எழுதினால் பத்துப் பிள்ளைகளுக்குப் பிறகு அது யாரைப் பற்றியது என்று உங்களுக்கே தெரியாது.

புள்ளியை அடுத்த பிள்ளை மேடை ஏறுவதற்குள் போட்டுவிடுங்கள். அறிவிப்பாளரிடம் ஒரு நிமிட இடைவெளி கேட்டு வாங்குவது நடுவரின் உரிமை. போடும்போது உள்ளடக்கத்தை முதலில் போடுங்கள். குரல்தான் காதில் கடைசியாக நிற்பது. வெளிப்பாட்டை முதலில் போட்டால் அந்த எண் மற்ற இரண்டையும் தன் பக்கம் இழுக்கும்.

முதலாவதா பேசுற புள்ளைக்கு எவ்வளவு போடுறதுன்னே தெரியல. கூடப் போட்டா பின்னால மேல போக இடமில்ல, குறைச்சுப் போட்டா பாவமா இருக்கு.

முதல் மூன்று பேருக்கும் பென்சிலால் போடுங்கள். மூன்றாவது பிள்ளை இறங்கியதும் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தேவையானால் திருத்தி, பேனாவால் எழுதுங்கள். அதற்குப் பிறகு திரும்பிப் போகக் கூடாது. கடைசிப் பிள்ளை பேசிய பிறகு முதல் பிள்ளையின் புள்ளியை மாற்றுவது, நினைவில் இல்லாத பேச்சுக்குப் புள்ளி போடுவதுதான்.

போட்டி தொடங்குமுன் மூன்று நடுவர்களும் கூடி, நடுத்தரமான பேச்சு என்றால் ஒவ்வொரு நிரலிலும் எத்தனை என்று பேசி வைத்துக்கொண்டால் இந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும். உள்ளடக்கத்தில் 24, மற்ற இரண்டிலும் 18 என்று வைத்துக்கொண்டால் மேலேயும் கீழேயும் போக இடம் இருக்கும்.

ழகரத்தை ளகரமாப் பேசுனா மொழியில குறைக்கிறதா, வெளிப்பாட்டுல குறைக்கிறதா?

மொழியில். எழுத்தின் ஒலி சரியா பிழையா என்பது மொழி. அந்த ஒலி பின்வரிசை வரை போகிறதா, சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலக்கின்றனவா என்பது வெளிப்பாடு. ‘வாழ்க்கை’யை ‘வாள்க்கை’ என்றால் மொழியில் போகும். ‘வாழ்க்கை’யின் கடைசி எழுத்து காதில் விழவே இல்லை என்றால் வெளிப்பாட்டில் போகும்.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் பலர் கை நீளுகிறது. மொழிக்குரிய 30ஐ உச்சரிப்பு 10, வாக்கியப் பிழையின்மை 10, சொல்லாட்சி 10 என்று பிரித்தால், உச்சரிப்பு எவ்வளவு மோசமானாலும் அந்தப் பத்துக்குள்தான் குறையும். ஒவ்வொரு ழகரத்துக்கும் ஒரு புள்ளி என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. பேச்சு முழுக்க ழகரம் ளகரமாக வருகிறது என்றால் அது ஒரே பழக்கம், ஒரே குறை. இரண்டு அல்லது மூன்று புள்ளி போதும். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் கலந்து, றகரமும் ரகரமும் மாறி, பொருளே தடுமாறுகிறது என்றால் பாதிக்குக் கீழே போகலாம்.

நடுவர்கள் ழகரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு வாக்கியப் பிழையைக் கோட்டைவிடுவது வழக்கம். ‘எமது மக்களின் வாழ்க்கை இன்னும் பல துறைகளில் முன்னேறாமல் இருக்கின்றன’ என்று ஒரு பிள்ளை ராகம் போட்டுச் சொன்னால் கைதட்டல் விழும். எழுவாய் ‘வாழ்க்கை’, ஒருமை. பயனிலை பன்மை. நடுவில் ‘துறைகளில்’ என்று ஒரு பன்மை வந்து பிள்ளையை ஏமாற்றிவிட்டது. நீண்ட வாக்கியங்களில் வினைமுற்று வரும் இடத்தில் காதை வையுங்கள்.

தோட்டத்துப் பேச்சு வந்தா மொழியில குறைக்கணுமா? லயம், பெரட்டு, கவ்வாத்துன்னு புள்ளைங்க சொல்லுதுகளே.

இந்தச் சொற்களுக்குக் குறைக்கக் கூடாது. கவ்வாத்து, பெரட்டு, கொழுந்து, பேர் போடுவது எல்லாம் அந்தப் பொருளுக்குரிய பெயர்கள். ‘அரைப் பேர்’ என்று ஒரு பிள்ளை சொல்லி, அன்றைய நாட்சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது என்பதை ஒரு வரியில் விளக்கிவிட்டால், சொல்லாட்சியில் அதற்குக் கூடுதலாகத்தான் போட வேண்டும். பொருத்தமான சொல்லைத் தெரிந்து பயன்படுத்தியிருக்கிறது.

குறைக்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. மேடைத் தமிழில் பேசிக்கொண்டே போகும் பிள்ளை, தன்னையறியாமல் ‘வந்தாங்க, போனாங்க, இருக்குது’ என்று வழுக்கி, பிறகு ‘வந்தனர், சென்றனர்’ என்று திரும்புவது. இந்தத் தடுமாற்றம் வாக்கியப் பிழையில் சேரும். ஆனால் பாட்டி சொன்னதாக, கங்காணி அதட்டியதாக ஒரு வரியைப் பேச்சு வழக்கிலேயே எடுத்துச் சொன்னால் அது வேண்டுமென்று செய்தது. அதற்குக் குறைக்காதீர்கள்.

சத்தமா, கையை ஆட்டி, உணர்ச்சியா பேசுற புள்ளைக்கு வெளிப்பாட்டுல முழுப் புள்ளி குடுக்கலாம்தானே?

சத்தம் வெளிப்பாட்டில் ஒரு பகுதி மட்டும்தான். 30ஐக் குரல் 10, வேகமும் தெளிவும் 10, பார்வையும் மெய்ப்பாடும் 10 என்று பிரித்துப் பாருங்கள். குரலுக்குரிய பத்திலும் கேட்பது ஏற்ற இறக்கத்தைத்தான். சோதிக்க எளிய வழி இருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேளுங்கள். வணக்கம் சொன்ன அதே உச்சத்தில், துயரமான செய்தியும் வேடிக்கையான செய்தியும் ஒரே சுருதியில் வந்தால், குரலுக்கு ஐந்துக்கு மேல் போவது சிரமம்.

கை அசைவிலும் பயிற்சி தெரிந்துவிடும். ‘மலை’ என்றால் கை மேலே, ‘இதயம்’ என்றால் கை நெஞ்சில் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசைவு பழக்கப்பட்டிருந்தால், சொல்லுக்கு முன்பே கை கிளம்பும். பார்வையும் சபையில் நிற்காமல், பழக்கிவிட்ட ஆசிரியர் இருக்கும் பக்கமே போகும். சின்ன வகுப்புகளில் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தரம் 10, 11 பிள்ளைகளிடம் எதிர்பார்க்கலாம்.

இடையில மறந்து நின்னுட்டா எவ்வளவு குறைக்கணும்?

நின்றதற்கு வெளிப்பாட்டில் மட்டும். சில நொடி நின்று, தானாகவே அடுத்த கருத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்று இரண்டு புள்ளிக்கு மேல் குறைக்கத் தேவையில்லை. பின்னால் இருந்து யாராவது அடியெடுத்துக் கொடுத்த பிறகுதான் தொடர்ந்தது என்றால் நான்கைந்து வரை போகலாம். விட்டுப்போன பகுதியால் பேச்சு பாதியில் அறுந்து, சொல்ல வந்தது முடியாமல் போனால் உள்ளடக்கத்தில் ஒழுங்கமைப்பும் தானாகக் குறையும். இது இரட்டைத் தண்டனை ஆகாது. தடுமாற்றம் ஒரு குறை, முடிவில்லாத பேச்சு இன்னொரு குறை. ஆனால் நின்றுபோன பிள்ளை மீண்டு வந்து முழுதாக முடித்துவிட்டால் உள்ளடக்கத்தில் கை வைக்காதீர்கள்.

டீச்சர் எழுதிக் குடுத்ததை ஒப்பிக்குதுன்னு நல்லாத் தெரியுது. அதுக்கு என்ன செய்யிறது?

யார் எழுதியது என்று தீர்ப்பது நடுவரின் வேலை இல்லை. நிரூபிக்கவும் முடியாது. தாளில் அதற்கு நிரலும் இல்லை. மேடையில் தெரிவதற்கு மட்டும் புள்ளி.

ஒப்பித்தலின் விளைவு எப்படியும் நிரல்களில் தெரியும். உள்ளடக்கத்தின் 40ஐத் தலைப்புப் பொருத்தம் 10, கருத்தும் ஆதாரமும் 15, ஒழுங்கமைப்பு 10, சுயசிந்தனை 5 என்று பிரித்தால், எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் சொல்லக்கூடிய பொதுவரிகளால் ஆன பேச்சு அந்தக் கடைசி ஐந்தில் ஒன்றிரண்டோடு நின்றுவிடும். தன் வீட்டுக்கு மேலே மண்சரிவு எச்சரிக்கை வந்தபோது பாடசாலைக்கு எந்த வழியாகப் போனது என்று சொல்லும் பிள்ளைக்கு நான்கு, ஐந்து கிடைக்கும். பொருள் விளங்காமல் ஒப்பிப்பதும் தெரிந்துவிடும். மூச்சு விடும் இடம் பிழைத்து, ஒரு வாக்கியத்தின் வால் அடுத்த வாக்கியத்தின் தலையோடு ஒட்டும். அதற்கு வெளிப்பாட்டில், வேகமும் தெளிவும் என்ற இடத்தில் குறையுங்கள்.

குறள், கவிதை எல்லாம் சொன்னா கூடப் போடணுமா?

சொன்னதற்காக இல்லை. அது கருத்தைத் தாங்கினால் ஆதாரத்தில் சேரும். தலைப்போடு ஒட்டாமல் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று செருகியிருந்தால் ஒன்றும் சேராது.

பேச்சு நல்லா இருந்திச்சு, ஆனா வருஷம் பிழை. உள்ளடக்கத்துல எவ்வளவு போகும்?

பிழை பேச்சின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘மலையகமும் தேயிலையும்’ என்ற தலைப்பில் ஒரு மாணவி பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘1824இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார்’ என்கிறாள். இரண்டு செய்திகள் கலந்துவிட்டன. 1824இல் தேயிலைச் செடி வந்தது பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு. டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டது 1867இல். 1824இல் அவர் பிறக்கவே இல்லை. ஆனால் அவளுடைய வாதம், தேயிலையின் பெயர் உலகமெங்கும் போனது, பறித்தவர்களின் பெயர் போகவில்லை என்பது. வருடத்தைத் திருத்தினாலும் அந்த வாதம் அசையாது. ஆகவே ‘கருத்தும் ஆதாரமும்’ என்ற 15இல் இரண்டு புள்ளி குறைத்தால் போதும்.

இன்னொரு பிள்ளை, ‘இருநூறு வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள்’ என்று தொடங்கி, அந்த இருநூறு வருடக் கொழுந்துக் கணக்கின் மேலேயே முழுப் பேச்சையும் கட்டுகிறான். மலையகத்தில் மிக அதிகமாகக் கேட்கும் வரி இதுதான். மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தது சரி. ஆனால் முதலில் வந்தவர்கள் வேலை செய்தது கோப்பித் தோட்டங்களில். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகுதான் தேயிலை மலைகளை நிரப்பியது. வருகையின் வயதையும் தேயிலையின் வயதையும் ஒன்றாக்கி, அதன் மேல் வாதத்தை எழுப்பியதால் ஐந்து, ஆறு வரை குறைக்கலாம். போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒன்று.

உங்களுக்கே உறுதியில்லாத தகவலுக்குக் குறைக்காதீர்கள். குறிப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, புள்ளி பூட்டுமுன் மற்ற நடுவர்களிடம் கேளுங்கள்.

நேரம் கூடிப்போனா எந்த நிரல்ல கழிக்கிறது?

எதிலும் இல்லை. நேரக் காப்பாளர் குறித்துத் தருவார், மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். எத்தனை நொடிக்கு எத்தனை புள்ளி என்று போட்டிக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கழிக்க முடியாது. ‘அவைத் தலைவர் அவர்களே’ என்று தொடங்கி முக்கால் நிமிடம் விளிக்கும் பிள்ளைக்கும் தனித் தண்டனை வேண்டாம். கருத்துக்கு நேரம் குறைந்து, அது தானாகவே உள்ளடக்கத்தில் தெரியும்.

மழை தகரத்துல கொட்டுது, மைக் வேற போயிருச்சு. அந்தப் புள்ளைக்கு எப்படிப் போடுறது?

போடாதீர்கள், நிறுத்துங்கள். தென்மேல் பருவமழை நாளில் தகரக் கூரை மண்டபத்தில் இது நடக்கும் என்று தெரிந்தே போக வேண்டும். நேரத்தை நிறுத்தச் சொல்லி, மழை தணிந்ததும் அந்தப் பிள்ளையை முதலிலிருந்து பேசவிடுங்கள். அனுதாபமாக இரண்டு புள்ளி கூட்டிப் போடுவது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம். மைக் திரும்ப வரவில்லை என்றால் மீதிப் பேர் எல்லாரும் மைக் இல்லாமல் பேசட்டும், நடுவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அப்போதும் முன்னால் மைக்கோடு பேசியவர்களின் குரல் புள்ளியோடு இவர்களை ஒப்பிடும்போது சத்தத்தை விட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள்.

மூணு நடுவர்ல ஒருத்தர் மட்டும் ரொம்பக் குறைச்சுப் போட்டா முடிவே மாறிருதே?

மாறும். மேலே சொன்ன 1824 மாணவியை 7ஆம் இலக்கம் என்றும், சுமாராக ஆனால் பிழையில்லாமல் பேசிய இன்னொருவரை 12ஆம் இலக்கம் என்றும் வைப்போம். உள்ளடக்கம், வெளிப்பாடு, மொழி என்ற வரிசையில் 7ஆம் இலக்கத்துக்கு முதல் நடுவர் 32, 23, 23 போட்டு 78. இரண்டாமவர் 30, 22, 22 போட்டு 74. மூன்றாமவர் 19, 20, 21 போட்டு 60. மொத்தம் 212. 12ஆம் இலக்கத்துக்கு மூவரும் போட்டது 75, 72, 72. மொத்தம் 219. இரண்டு நடுவர்கள் 7ஐ முதலாவதாகப் பார்த்தும் 12 வென்றுவிட்டது.

நிரல்களைப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். வெளிப்பாட்டிலும் மொழியிலும் மூவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளடக்கத்தில் மட்டும் 32, 30, 19. அந்த ஒரு வருடப் பிழைக்காக மூன்றாமவர் தலைப்புப் பொருத்தம், ஒழுங்கமைப்பு எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறார். ஒரே நிரலில் இருவருக்கிடையே 8 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறிப்புகளை எடுத்து வைத்துப் பேச வேண்டும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், அவர் பகுதி பகுதியாகத் திரும்பப் பார்த்திருப்பார். 28 என்று திருத்தினால் அவருடைய மொத்தம் 69, மாணவியின் மொத்தம் 221.

திருத்தாமல் 19இலேயே நின்றாலும் அது அவர் உரிமை. அப்போது 12ஆம் இலக்கம்தான் முதலிடம், மற்ற இருவரும் வற்புறுத்தக் கூடாது. இந்தப் பேச்சு மொத்தங்களைக் கூட்டுவதற்கு முன்பு நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். யார் முதலிடம் என்று தெரிந்த பிறகு திருத்தினால், காரணம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் வெளியே யாரும் நம்பமாட்டார்கள்.

ரெண்டு பேருக்கு சமமா வந்தா?

உள்ளடக்கத்தின் கூட்டுத்தொகை கூடியவருக்கு. அதுவும் சமம் என்றால் மொழி. அதுவும் சமம் என்றால் இருவருக்கும் அதே இடம். அடுத்த வலயப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம் என்றிருந்தால் இருவரையும் புதிய தலைப்பில் இரண்டு நிமிடம் பேசவிட்டு, அதே தாளில் புதிதாகப் போடுங்கள்.

எங்க பாடசாலைப் புள்ளை பேசுது. நான் நடுவரா இருக்கலாமா?

அந்தப் பிரிவுக்கு இருக்க வேண்டாம். ஏற்பாட்டாளரிடம் முன்னாலேயே சொல்லி வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள். பாடசாலைப் பெயர் இல்லாமல் இலக்கம் மட்டும் கொடுத்தாலும், கழுத்துப்பட்டியும் பழக்கிய பாணியும் காட்டிக் கொடுத்துவிடும். ஆள் பற்றாக்குறையால் மாற முடியாமல் போனால், அந்த ஒரு பிள்ளைக்கு நீங்கள் புள்ளி போடாமல், மற்ற இருவரின் சராசரியை உங்கள் இடத்தில் எழுதச் சொல்லலாம். சிலர் நேர்மையைக் காட்டுவதற்காகத் தங்கள் பிள்ளைக்கே குறைத்துப் போடுகிறார்கள். அதுவும் அநியாயம்தான், அந்தப் பிள்ளைக்கு.